ஸ்ட்ரிப்பில் இரண்டு கோடு வந்தும் வெப்பநிலை ஏறவில்லையே?

கேள்வி: டாக்டர், எனக்கு 31 வயது. பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். குழந்தைக்காக 10 மாதமாக முயற்சி செய்கிறோம். பீரியட்ஸ் 32 முதல் 35 நாளுக்கு ஒருமுறை வரும். ஓவுலேஷன் ஸ்ட்ரிப்பில் 12ஆம் நாளே இரண்டு கோடு வந்துவிடுகிறது. ஆனால் காலை வெப்பநிலை 21ஆம் நாள்தான் ஏறுகிறது. 21ஆம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் முட்டையே வெளிவரவில்லை என்றார்கள். எதை நம்புவது? சார்ட்டும் ஸ்ட்ரிப் படங்களும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தெர்மாமீட்டரை நம்புங்கள். உங்களுக்கு முட்டை வெளிவருகிறது. நீங்கள் நினைத்ததைவிடத் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான்.

முதலில் ஸ்ட்ரிப். கர்ப்பப் பரிசோதனைக் கிட்டில் இரண்டாவது கோடு மங்கலாக வந்தாலும் பாசிட்டிவ் என்போம். ஓவுலேஷன் ஸ்ட்ரிப்பில் கணக்கே வேறு. முட்டை வெளிவரத் தூண்டும் எல்.எச். ஹார்மோனைத்தான் ஸ்ட்ரிப் காட்டுகிறது; அது எல்லா நாளும் கொஞ்சம் சுரப்பதால் ‘டி’ கோடு மங்கலாக என்றைக்கும் தெரியலாம். பக்கத்தில் உள்ள ‘சி’ கோட்டுக்கு இணையாகவோ அதைவிட அடர்த்தியாகவோ இருந்தால்தான் பாசிட்டிவ். நீங்கள் அனுப்பிய 12, 13, 14ஆம் நாள் படங்களில் ‘டி’ கோடு வெளிர் ரோஜா நிறத்தில்தான் இருக்கிறது. மூன்றுமே நெகட்டிவ். 15ஆம் நாளோடு நிறுத்திவிட்டீர்கள்; உங்களுக்கு உண்மையான பாசிட்டிவ் அநேகமாக 18 அல்லது 19ஆம் நாள் வந்திருக்கும்.

சார்ட்டில் இது தெளிவாகத் தெரிகிறது. 15 முதல் 20ஆம் நாள் வரை 36.32, 36.40, 36.71, 36.28, 36.38, 36.35 என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் உள்ள 36.71ஐ விட்டுவிடலாம். அன்றைக்குக் கணவர் நைட் ஷிஃப்ட் முடிந்து நாலரை மணிக்கு வந்தார், கதவைத் திறந்தேன் என்று ஓரத்தில் நீங்களே குறித்திருக்கிறீர்கள். மூன்று, நான்கு மணி நேரமாவது தொடர்ந்து தூங்கி எழுந்து, படுக்கையை விட்டு இறங்கும் முன் எடுத்த அளவுதான் செல்லும். (அவரிடம் ஒரு சாவி கொடுத்துவிடுங்கள்.) 21, 22, 23ஆம் நாட்களில் 36.62, 36.70, 36.68. முந்தைய ஆறு நாட்களைவிட மூன்று நாள் தொடர்ந்து உயர்ந்து நின்றால், முட்டை வெளியான பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆக, முட்டை 20ஆம் நாளை ஒட்டி வெளிவந்திருக்கிறது. 35ஆம் நாள் பீரியட்ஸ் வந்ததும் இதோடு பொருந்துகிறது, நடுவில் 14 நாள்.

ரத்தப் பரிசோதனை பற்றி எனக்கு வருத்தம்தான். 28 நாள் சுழற்சி உள்ளவருக்குத்தான் 21ஆம் நாள் சரி. அந்தப் பரிசோதனையை அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்பு எடுக்க வேண்டும்; உங்களுக்கு அது 27ஆம் நாள் வாக்கில் வரும். முட்டை வெளியான மறுநாளே ரத்தம் எடுத்தால் புரோஜெஸ்டிரோன் ஏறியிருக்காது, ‘முட்டை வரவில்லை’ என்றுதான் ரிப்போர்ட் வரும். அதை வைத்து மாத்திரை ஏதும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம். வெப்பநிலை ஏறுவதைப் பார்த்துச் சேரலாம் என்று காத்திருக்கக் கூடாது. முட்டை ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது, வெப்பநிலை ஏறும்போது நேரம் முடிந்துவிடும். விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும் என்பதால் முட்டைக்கு முந்தைய ஐந்து நாட்களும் அந்த நாளும்தான் கணக்கு. இந்த மாதம் நீங்கள் 12 முதல் 15 வரை சேர்ந்திருக்கிறீர்கள், 20ஆம் நாள் முட்டைக்கு 15ஆம் நாள் கடைசி விளிம்பு.

அடுத்த மாதம் இப்படிச் செய்யுங்கள். உங்கள் மிகக் குறுகிய சுழற்சி 32 நாள். அதில் 17ஐக் கழித்தால் 15. அன்றிலிருந்து தினமும் மதியம் இரண்டு மணி வாக்கில் ஸ்ட்ரிப் போடுங்கள். எல்.எச். பெரும்பாலும் விடியற்காலையில்தான் எகிறத் தொடங்கும், சிறுநீரில் தெரியச் சில மணி நேரம் ஆகும். அதனால் காலையின் முதல் சிறுநீரில் தவறிப்போகலாம். அதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீர் அதிகம் குடிக்காதீர்கள். அட்டையில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கில் பார்த்துவிட வேண்டும். காய்ந்த ஸ்ட்ரிப்பை மாலையில் எடுத்துப் பார்க்க வேண்டாம். கோடு கருக்க ஆரம்பித்தால் மாலையிலும் ஒன்று போடுங்கள், சிலருக்கு அந்த ஏற்றம் ஒரு நாள்கூட நிற்காது. பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடும் திரவம் வந்தால் ஸ்ட்ரிப்புக்குக் காத்திருக்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் சேருங்கள். பாசிட்டிவ் வந்த அன்றும் மறுநாளும் தவறவிடாதீர்கள்.

ஸ்ட்ரிப் நாள்கணக்கில் கருத்தே இருந்து வெப்பநிலை ஏறவே இல்லையென்றால் பி.சி.ஓ.எஸ். இருக்கலாம், அப்போது ஸ்ட்ரிப் ஏமாற்றும்; நேரில் வாருங்கள். அப்படி இல்லாவிட்டாலும், ஒரு வருடம் முடிய இன்னும் இரண்டு மாதம்தான். அதற்குள் கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்துவிடுங்கள். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுத்தால் போதும், ஷிஃப்ட் இல்லாத ஒரு காலையில் முடிந்துவிடும்.