பிள்ளையின் கால் வளைவு: போட்டோவில் தெரிவதும் தெரியாததும்

பிள்ளைகளின் எலும்பு, மூட்டுகளைப் பார்த்தே வேலைக்காலம் முழுவதும் போய்விட்டது. இப்போது ஓய்வில் வெள்ளவத்தையில் இருக்கிறேன். பேரப்பிள்ளைகளின் கால் படங்களை யாராவது அனுப்பாத கிழமை இல்லை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு தாய்: டொக்டர், மகனுக்கு 1 வயசும் 5 மாசமும். நடக்கத் தொடங்கி மூன்று மாசம். ரெண்டு காலும் வில் மாதிரி வளைஞ்சிருக்கு. போட்டோ அனுப்பியிருக்கிறன். இது ரிக்கெட்ஸா?

தங்கச்சி, ரிக்கெட்ஸ் என்பது விட்டமின் டியோ கல்சியமோ போதாமல் வளரும் எலும்பு மென்மையாகி வளையும் நோய். அந்தப் போட்டோவை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்கள் நின்றபடி மேலிருந்து எடுத்திருக்கிறீர்கள். பிள்ளை கொழுத்த பம்பர்ஸோடு கால்களை அகட்டி நிற்கிறான், பாதங்கள் உள்ளே திரும்பியிருக்கின்றன. பாதம் உள்ளே திரும்பினால் நேரான காலும் வளைந்த கால் போலத்தான் தெரியும். பம்பர்ஸைக் கழற்றிவிட்டு, கணுக்கால் இரண்டும் மெதுவாகத் தொடும்படி நிற்க வையுங்கள். முழங்கால் சிரட்டைகள் நேரே உங்களைப் பார்க்க வேண்டும். நீங்கள் இரண்டு மீட்டர் தள்ளித் தரையில் இருந்துகொண்டு, போனைப் பிள்ளையின் முழங்கால் உயரத்தில் பிடித்து, இடுப்பிலிருந்து பாதம் வரை எடுங்கள். அப்படியே ஒரு அடிமட்டத்தால் முழங்கால்களுக்கு இடையிலுள்ள வெளியையும் அளந்து, திகதியோடு எழுதி வையுங்கள்.

வயதைப் பார்த்தால் பெரிதாகப் பயப்பட ஒன்றும் இல்லை. வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த கால், பிறக்கும்போது வெளிப்பக்கம் வளைந்தே இருக்கும். நடக்கத் தொடங்கியதும் அது எல்லோர் கண்ணிலும் படும். ஒன்றரை வயதுக்கும் இரண்டுக்கும் இடையில் நேராகும். பிறகு மறுபக்கம் போய், மூன்று, நான்கு வயதில் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டும். ஏழு, எட்டு வயதில் பெரியவர்களின் கால் போல ஆகிவிடும். சலேனியஸ், வான்கா என்ற பின்லாந்து வைத்தியர்கள் இருவர் 1975இல் பிள்ளைகளின் எக்ஸ்ரேக்களில் கோணம் அளந்து வரைந்த பாதை இது. இன்றும் நாங்கள் அதைத்தான் மனதில் வைத்துப் பார்க்கிறோம். உங்கள் மகன் அந்தப் பாதையில்தான் நிற்கிறான் போலிருக்கிறது. மூன்று மாதம் கழித்து அதே மாதிரி இன்னொரு படம் எடுங்கள். வெளி குறைந்திருந்தால் சரி.

தெஹிவளையில் ஒரு தாத்தா: கொழும்பில வெயிலுக்கா பஞ்சம்? நான் மூத்த பேரனை ஒவ்வொரு நாளும் காலமை ஆறரைக்கு இளவெயிலில வைச்சிருந்தன். எங்கட நாட்டில ரிக்கெட்ஸ் எப்படி வரும்?

ஐயா, வெயிலின் அருமையைச் சொன்னது முழுக்கச் சரி. நேரம்தான் பிழைத்துவிட்டது. தோலில் விட்டமின் டி உண்டாக்கும் கதிர், சூரியன் உயர ஏறிய பிறகுதான் போதிய அளவில் நிலத்துக்கு வரும். உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக விழும் நேரம் பெரிதாக உதவாது. காலை ஆறரைக்கு உங்கள் நிழல் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள்! கண்ணாடி யன்னலுக்குள்ளால் வரும் வெயிலும் உதவாது, அந்தக் கதிர் கண்ணாடியிலேயே நின்றுவிடும்.

கொழும்பில் எத்தனையோ பிள்ளைகள் தொடர்மாடியின் ஆறாம் மாடியில் பிறந்து, லிஃப்டில் இறங்கி, வாகனத்தில் ஏறி வளர்கிறார்கள். நமது கறுத்த தோலுக்கு அதே அளவு விட்டமினை உண்டாக்க அதிக நேரம் வேண்டும். தாய்க்கே குறைவாக இருந்தால் தாய்ப்பாலிலும் இராது. அதற்காகக் கைக்குழந்தையை உச்சி வெயிலில் காய வைக்கச் சொல்லவில்லை. முதல் வருடத்தில் நாளுக்கு 400 யூனிட் சொட்டு மருந்து என்பது வெயிலைவிட நிச்சயமான வழி. அதைக் கிளினிக்கில் கேட்டுத் தொடங்குங்கள்.

பம்பலப்பிட்டியில் ஒரு தகப்பன்: போட்டோவைப் பார்த்து 'நோர்மல்' என்று நீங்கள் சொல்லி, அது பிழைத்தது உண்டா?

உண்டு. இப்படி யாரும் கேட்பதில்லை, கேட்டதற்கு நன்றி.

தெரிந்த குடும்பம் ஒன்று மகளின் படத்தை அனுப்பியது. வயது 2, அதன்மேல் 2 மாதம். கொஞ்சம் வளைவு. 'நேராகும், பொறுங்கள்' என்று இரண்டு வரியில் எழுதிவிட்டேன். எப்போது நடந்தாள் என்றுகூடக் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்துத் தாயே தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வயதில் முழங்கால் முட்டத் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் கணுக்காலைச் சேர்த்து நிறுத்தினால் முழங்கால்களுக்கு இடையில் 5 சென்ரிமீட்டர் வெளி. இடது வலது இரண்டிலும் வளைவு ஒரே மாதிரி. வாத்து மாதிரி அசைந்து நடந்தாள், படி ஏறத் தூக்கச் சொல்லி அழுதாள்.

நான் முதலில் பிடித்துப் பார்த்தது காலை அல்ல, மணிக்கட்டை. காப்புப் போட்டது போல இரண்டு பக்கமும் தடித்திருந்தது. நெஞ்சில், விலா எலும்பு முன்பக்கம் சேரும் இடங்களில் மணி மணியாகக் கையில் தட்டுப்பட்டது. பிறகுதான் கதை வந்தது. நடந்தது 19 மாதத்தில். முதல் பல் பிந்தித்தான் முளைத்தது. பாலும் தயிரும் தொடமாட்டாள், நெத்தலியும் இல்லை, சோறும் பருப்பும்தான். சொட்டு மருந்தை வாந்தி எடுத்தாள் என்று மூன்றாம் மாதமே நிறுத்திவிட்டார்கள். கிளினிக் பதிவேட்டைத் திறந்தால் உயரக் கோடு ஒரு வயதிலிருந்தே மெல்ல மெல்லக் கீழே சாய்ந்திருந்தது. படத்தில் கால் இருந்தது. இவ்வளவும் படத்துக்கு வெளியே இருந்தது.

எலும்பு இப்படிப் பாதிக்கப்படும்போது ரத்தத்தில் ஏறும் அல்கலைன் பொஸ்பட்டேஸ் என்ற நொதியம், அந்த வயதுக்கான மேல் எல்லையைப்போல் மூன்று மடங்கு. பொஸ்பரஸ் குறைவு, எலும்பிலிருந்து கல்சியத்தை இழுக்கும் பாராதைரொயிட் ஹோர்மோன் அதிகம், விட்டமின் டி மில்லிலீட்டருக்கு 7 நானோகிராம்தான். 12க்குக் கீழே போனாலே பற்றாக்குறை என்போம். கல்சியம் மட்டும் நோர்மல்! அதை மட்டும் பார்த்து 'ரிக்கெட்ஸ் இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். எலும்பிலிருந்து உருவி எடுத்து ரத்தத்தின் அளவை உடம்பு காப்பாற்றிக்கொள்ளும். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பின் நுனி கோப்பை போலக் குழிந்து, ஓரம் பிய்ந்த துணி போல இருந்தது. சாதாரண வளைவில் அந்த நுனி கத்தியால் வெட்டியது போல் தெளிவாக இருக்கும்.

நாளுக்கு 3000 யூனிட் விட்டமின் டி, 12 கிழமை. அதோடு சாப்பாட்டிலும் மருந்திலுமாகக் கல்சியம் குறைந்தது 500 மில்லிகிராம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆறாம் கிழமை எக்ஸ்ரேயில் எலும்பு நுனியில் வெள்ளைக் கோடு ஒன்று விழுந்தது, ஆறத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். மூன்றாம் மாதம் பொஸ்பட்டேஸ் பாதியாக இறங்கியது. படி ஏற அழுவது அதற்கு முன்பே நின்றுவிட்டது. கால் மட்டும் அவசரப்படவில்லை. ஒரு வருடம் கழித்து 5 சென்ரிமீட்டர் 2 ஆனது. பலகை கட்டவில்லை, வெட்டவும் இல்லை.

வெள்ளவத்தையில் ஒரு அம்மம்மா: பேத்திக்கு மூன்றரை வயது. நடக்கும்போது முழங்கால் ரெண்டும் முட்டுது. சப்பாத்துக் கடையில விசேஷ சப்பாத்து வாங்கச் சொல்லுறாங்கள். எண்ணெய் பூசி உருவினால் சரிவருமா?

காசை வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. முட்டுக்கால் உச்சத்தில் இருக்கும் வயதே இதுதான். முழங்கால்களைச் சேர்த்து நிறுத்திக் கணுக்கால்களுக்கு இடையில் அளந்துபாருங்கள். இந்த வயதில் 8 சென்ரிமீட்டர் வரை, இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்தால், உயரமும் நன்றாக இருந்தால், விட்டுவிடலாம். சப்பாத்து பாதத்தைத்தான் தாங்கும், முழங்கால் எலும்பின் கோணம் அதற்குக் கட்டுப்படாது. உருவுவதாலும் எலும்பு திரும்பாது. பேத்திக்குப் பிடித்திருந்தால் எண்ணெய் பூசிக் குளிக்க வாருங்கள், அவ்வளவுதான். ஏழு வயதுக்குப் பிறகும் கூடிக்கொண்டே போனால் அது வேறு கதை. அப்போது கட்டாயம் காட்டுங்கள்.

மட்டக்குளியில் ஒருவர்: எனக்கு 58 வயது. எனக்கும் முழங்கால் வெளியே வளைந்து, படி இறங்கும்போது நோகுது. நானும் விட்டமின் டி குடிக்கலாமா?

தம்பி, இது பிள்ளைகளின் கதை. உங்களுடையது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம், அதற்கு வேறு வைத்தியம். ஒரு எக்ஸ்ரே எடுத்துக் காட்டுங்கள்.

கொட்டாஞ்சேனையில் இன்னொரு தாய்: சென்னையில இருக்கிற மச்சாள் 60,000 யூனிட் சாஷே பத்து அனுப்பினவ. மகனுக்கு 2 வயது, கால் கொஞ்சம் வளைவு. ஒரு நாளைக்கு ஒன்று கரைச்சுக் குடுத்தா கெதியா நேராகும்தானே?

தயவுசெய்து கொடுக்காதீர்கள். பத்து நாளில் பத்தும் உள்ளே போனால் ஆறு லட்சம் யூனிட். அந்த அளவைச் சில நாடுகளில் வைத்தியர்கள் ஒரே தடவையாகக் கொடுத்த காலம் உண்டு. அது நோய் உறுதியான பிள்ளைக்கு, ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு செய்தது. நோயே இல்லாத பிள்ளைக்குக் கல்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், கடைசியில் சிறுநீரகம் வரை பாதிக்கும். கால் ஒரு நாளும் கெதியாக நேராகாது. முதலில் அளந்துபாருங்கள். அப்புறம் மணிக்கட்டையும் உயரக் கோட்டையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தெஹிவளையில் ஒரு தாய்: மகனுக்கு 2 வயது 4 மாதம். இடது கால் மட்டும் வளைவு. குண்டுப் பிள்ளை, ஒன்பது மாதத்திலேயே நடந்தவன்.

இதைப் பொறுத்துப் பார்க்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வளைவது வளர்ச்சிப் பாதையில் இல்லை. குண்டான, வெள்ளென நடந்த பிள்ளையில் முழங்காலுக்குக் கீழே உள்பக்க வளர்ச்சி மட்டும் பிந்தும் புளவுன்ட் நோய் ஒன்று உண்டு. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் அந்த முழங்கால் வெளியே தள்ளுகிறதா என்று வீடியோ எடுங்கள். பொரளையில் ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போக ஏற்பாடு செய்து, அந்த வீடியோவையும் கொண்டுபோங்கள்.

பம்பலப்பிட்டியில் ஒரு தகப்பன், வேறொருவர்: மகளுக்கு 3 வயது. ரிக்கெட்ஸ் என்று சொல்லி ஆறு மாதமாக விட்டமின் டி ஒழுங்காகக் கொடுக்கிறோம். கால் அப்படியே. மனைவிக்கும் சின்ன வயதிலிருந்து கால் வளைவு, கட்டை உருவம். தொடர்பு இருக்குமா?

இருக்கலாம், மனைவியின் கதையை எழுதியது நல்லது. ஆறு மாதத்தில் கால் நேராகாதது பெரிதில்லை, முன்பு சொன்ன பிள்ளைக்கே ஒரு வருடம் எடுத்தது. நான் கேட்பது, எக்ஸ்ரேயில் அந்த வெள்ளைக் கோடு விழுந்ததா, பொஸ்பட்டேஸ் இறங்கியதா என்பதை. இரண்டும் இல்லை, விட்டமின் டி அளவு மட்டும் ஏறிவிட்டது என்றால், சிறுநீரில் பொஸ்பரஸ் வீணாகப் போகும் பரம்பரை வகையை நினைக்க வேண்டும். அதில் விட்டமின் டி தனியாக எவ்வளவு கொடுத்தாலும் போதாது, பொஸ்பரஸும் வேறு வகை விட்டமின் டியும் வேண்டும். உறுதியாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பாராதைரொயிட் ஹோர்மோனும் பொஸ்பரஸும் ஒரே நாளில் பார்த்த தாள் இருக்கிறதா? மனைவியினுடைய பொஸ்பரஸையும் ஒருமுறை பாருங்கள். தாள்கள் கிடைத்ததும் எழுதுங்கள், படம் அனுப்ப வேண்டாம்.