என் காணாக்கடி நோட்டு

"ரெண்டு மாசமா உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா வருது, போகுது. அலர்ஜி டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. டைரி எழுதச் சொல்றாங்க. அதனால பிரயோஜனம் உண்டா?"

உண்டு. ஆனால் முதலில் நான் எழுதின மாதிரி எழுதினால் இல்லை. நான் டாக்டர் இல்லை, கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவள். பதினாலு மாதம் இதோடு வாழ்ந்தவள் என்கிற உரிமையில் மட்டும் எழுதுகிறேன்.

நீங்களும் இந்நேரம் கத்திரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். எனக்கு ஒரு ஆடி மாதச் சாயங்காலம் இடுப்பில் ஆரம்பித்தது. பாவாடை நாடா கட்டின இடத்தில் கொசு கடித்தது போல நாலைந்து தடிப்பு. ராத்திரி சோறு சாப்பிட்டு முடிப்பதற்குள் அவை ஒன்றோடொன்று சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து, நடுவில் வெளிறி ஓரத்தில் சிவந்து நின்றன. காலையில் இருந்த இடமே தெரியவில்லை. அடுத்த நாள் தொடையில் வந்தது. மாமியார், "காணாக்கடிம்மா, ஏதோ பூச்சி கடிச்சிருக்கு" என்று வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுத்தார்கள். ஒரு வாரம் மென்றேன். அவர்களைக் குறை சொல்லவில்லை, பாசத்தில் செய்தது.

ஆறு வாரம் தாண்டியும் நிற்காததால் ஒரு நோட்டுப் போட்டேன். அதில் சாப்பாடு மட்டும்தான் இருந்தது. தடிப்பு வந்தால் அன்றைக்குச் சாப்பிட்டதில் ஒன்றைச் சந்தேகப்பட்டு நிறுத்துவேன். இரண்டு மாதத்தில் பதினொரு சாமான் நிறுத்திவிட்டேன். தடிப்பு மட்டும் நிற்கவில்லை. இந்தத் தடிப்பு பலருக்குச் சாயங்காலமும் ராத்திரியும்தான் அதிகமாகும். அதனால் பழி எப்போதும் ராத்திரிச் சாப்பாட்டின் மேல் போய் விழும்.

அப்புறம்தான் கோயம்புத்தூரில் அலர்ஜி டெஸ்ட். ஒரு வாரம் முன்னாலிருந்தே அரிப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், மாத்திரை உள்ளே இருந்தால் டெஸ்டில் ஒன்றும் தெரியாது என்று. அந்த ஒரு வாரம் நான் தூங்கவில்லை. மே மாதம் வேறு. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால்தான் மேட்டுப்பாளையத்தில் சீசன் கூட்டத்துக்கு முன்னால் இறங்க முடியும். திரும்பி வரும்போது சிக்கிக்கொண்டோம். மலையில் குடியிருக்கிற நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய் வர ஒரு நாளை முழுசாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது, இதை யாரிடம் சொல்வது? சுற்றுலா வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் ஊருக்கே அதில் பிழைப்பு இருக்கிறது. ஆனால் எங்களுக்கும் ரோடு வேண்டும்.

சரி, டெஸ்டில் கையில் வரிசையாகக் குத்தினதில் ஒன்றும் வீங்கவில்லை. நான் அழுதுவிட்டேன். ஆறாயிரம் ரூபாய், ஒரு வாரத் தூக்கம், கையில் ஒன்றுமில்லை. அங்கே இருந்த தோல் டாக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார்கள். அந்த டெஸ்ட் வெளியிலிருந்து வரும் ஒரு பொருளுக்கு நம் உடம்பில் எதிர்ப்பு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். ஆறு வாரத்துக்கு மேல் தானாக வந்து போகிற தடிப்பில் பெரும்பாலும் வெளிப்பொருளே கிடையாது. தோலுக்குள், தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்குகிற ஹிஸ்டமின் நிறைந்த மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. பலருக்கு அவற்றைத் தட்டிவிடுவது நம் உடம்பே உண்டாக்கின ஆன்டிபாடி என்கிற எதிர்ப்பொருள்தான். அதனால் ஒன்றும் தெரியாதது டெஸ்டின் தப்பு இல்லை, இந்த நோயைத் தேடுகிற டெஸ்ட் அது இல்லை. எனக்கு ரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி அதிகமாக இருந்தது. தைராய்டு வேலை மட்டும் சரியாக நடந்துகொண்டிருந்தது. இந்தத் தடிப்போடு சேர்ந்து அடிக்கடி காணப்படுவதுதானாம்.

"ஊட்டிக் குளிர்தான் காரணம்" என்று எல்லோரும் சொன்னதால் அதையும் கேட்டேன். முன்கையில் ஐஸ் கட்டியை ஐந்து நிமிஷம் வைத்து எடுத்துவிட்டு, பத்து நிமிஷம் காத்திருந்து பார்த்தார்கள். தோல் சிவந்ததே தவிர தடிக்கவில்லை. தடித்திருந்தால் அது குளிர்த் தடிப்பு என்ற வேறு வகை. அது இருப்பவர்கள் குளிர்ந்த தண்ணீரில் இறங்கவே கூடாது, மயக்கம் வரை போகலாம் என்றார்கள்.

இனி டைரிக்கு வருகிறேன். அந்த அம்மா என் நோட்டை மூடி வைத்துவிட்டு வேறு மாதிரி எழுதச் சொன்னார்கள். தினமும், தடிப்பு வராத நாளிலும், ஒரே நேரத்தில் எழுத வேண்டும். தடிப்புக்கு 0 முதல் 3 வரை ஒரு எண்: இல்லை என்றால் 0, இருபதுக்குள் 1, ஐம்பது வரை 2, அதற்கு மேல் 3. அரிப்புக்கும் அதே போல 0 முதல் 3. ஏழு நாள் கூட்டினால் அதிகபட்சம் 42. எனக்கு முதல் வாரம் 29 வந்தது. அதோடு போட்ட மாத்திரை எல்லாம், காய்ச்சல், மாதவிலக்கு, இறுக்கமான துணி. சாப்பாடும் எழுதலாம், ஆனால் எதையும் நிறுத்தாமல்.

முப்பது நாள் எழுதி, ஃபேக்டரிக் கணக்குப் போல உட்கார்ந்து பார்த்தேன். கருவாடு சாப்பிட்ட நாள் 9, அதில் தடிப்பு வந்தது 5 நாள். சாப்பிடாத நாள் 21, அதில் வந்தது 13 நாள். சாப்பிடாத நாளில்தான் கொஞ்சம் கூடவே! பழைய நோட்டில் அந்த 5 நாள் மட்டும்தான் என் கண்ணில் பட்டிருக்கும். கருவாடு ஒத்துக்கொள்ளாதவர்களே இல்லை என்று சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர்களுக்குச் சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், சாப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் வரும்.

ஒன்று மட்டும் கணக்கில் ஒத்து வந்தது. கழுத்து வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக். போட்ட நாள் 4, நாலு நாளும் தடிப்புக்கு எண் 3. மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து நான் யோசித்ததே இல்லை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகைகள் ஏற்கெனவே இருக்கிற தடிப்பைச் சிலருக்கு ஏற்றிவிடும். நோய்க்கே காரணம் அது இல்லை. ஊசி குத்துகிற டெஸ்டிலும் தெரியாது. டாக்டர் சொல்லி அதை விட்டுவிட்டு, வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் வைத்துக்கொண்டேன்.

அதனால் மட்டும் குணமாகிவிடவில்லை, வாரக் கூட்டல் 29-லிருந்து 21-க்கு இறங்கியது. மீதியை இறக்கியது மருந்து. தூக்கக் கலக்கம் தராத வகை அரிப்பு மாத்திரையை, அரித்தால் போடுவது என்றில்லாமல் தினமும் போட வேண்டும். ஒன்றில் அடங்காவிட்டால் டாக்டர் நாலு மடங்கு வரை கூட்டுவார்கள். எனக்கு இரண்டில் அடங்கியது. அதிலும் அடங்காதவர்களுக்கு மாதம் ஒரு ஊசி இருக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரையில் உடனே அடங்குகிறதே என்று மாதக்கணக்கில் வாங்கிப் போடாதீர்கள்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு மணியை எழுதி, போட்டோ எடுங்கள். அது 24 மணி நேரத்துக்குள் அந்த இடத்திலிருந்து மறைய வேண்டும். 24 மணி நேரம் தாண்டியும் நின்றாலோ, அரிப்பை விட வலி இருந்தாலோ, கன்றிப்போன தழும்பு விட்டாலோ அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், தோலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ நோட்டைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எனக்குப் போன வாரக் கூட்டல் 2. பதினொரு சாமானும் சமையலறைக்குத் திரும்பிவிட்டன, ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பும் சேர்த்து.