காபித்தூளுக்கு 12 சதவீத வரி நோட்டீஸ்: பதில் எழுதுவதா, தீர்ப்பாணையத்திடம் கேட்பதா?

கேள்வி: ஏற்காடு அடிவாரத்தில் காபி வறுத்து அரைத்து விற்கும் கடை வைத்திருக்கிறேன். காபியும் சிக்கரியும் கலந்த தூள்தான் பெரும்பகுதி விற்பனை. சிக்கரித்தூளைத் தனியாகவும் கொஞ்சம் விற்கிறேன். எல்லாவற்றுக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி போட்டேன். 2022-23ஆம் ஆண்டுக்கு 12 சதவீதம் கட்டியிருக்க வேண்டும் என்று 73ஆவது பிரிவின் கீழ் டிஆர்சி-01 நோட்டீஸ் வந்திருக்கிறது. வித்தியாசம் 2,76,500 ரூபாய். சென்னையில் உள்ள முன்கூட்டிய தீர்ப்பு ஆணையத்தில் விண்ணப்பித்து, எந்த வகைப்பாடு சரி என்று கேட்டு வாங்கிவிடலாம் என்கிறார் நண்பர். கேட்கலாமா?

பதில்: கேட்க வேண்டாம். இந்த ஆண்டுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 98(2) பிரிவு, விண்ணப்பதாரர் மீது ஏற்கெனவே நிலுவையில் உள்ள, அல்லது முடிவாகிவிட்ட நடவடிக்கையில் எழும் கேள்வியை ஆணையம் ஏற்கக் கூடாது என்று சொல்கிறது. டிஆர்சி-01 கைக்கு வந்தபின் உங்கள் கேள்வி நிலுவையில் உள்ள கேள்விதான். விண்ணப்பித்தால் மத்தியச் சட்டத்துக்கு 5,000, மாநிலச் சட்டத்துக்கு 5,000 என்று 10,000 ரூபாய் கட்டணம் போகும், விண்ணப்பமும் தள்ளுபடியாகும். அதைவிட மோசம், அங்கே காத்திருக்கும் நாட்களில் இங்கே பதில் தரும் கெடு முடிந்துவிடும். ஆணையத்தில் மனு இருப்பதால் நோட்டீஸின் கெடு நிற்காது.

நோட்டீஸை மறைத்து விண்ணப்பித்தால் என்ன என்று சிலர் யோசிப்பதுண்டு. உண்மையை மறைத்துப் பெற்ற தீர்ப்பு தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 104ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வழியே வேண்டாம்.

இனி நோட்டீஸுக்குள் போவோம். முதலில் இது எங்கிருந்து கிளம்பியது என்று பாருங்கள். உங்கள் விற்பனை அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-1இல் 12ஆவது அட்டவணை, அதாவது பொருளை வகைப்படுத்தும் எச்எஸ்என் குறியீடு வாரியான சுருக்கம், அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கோடிக்குக் குறைவான விற்பனை உள்ளவர்கள் நான்கு இலக்கக் குறியீடு போட்டால் போதும். பல காபிக் கடைகளில் பில் மென்பொருளைப் போட்டுத் தந்தவர் ‘காபித்தூள்’ என்று தேடி, முதலில் வந்த 2101 என்ற குறியீட்டைப் பதித்துவிடுகிறார். 2101இன் கீழ் அப்போது 12 சதவீதமும் 18 சதவீதமும்தான் இருந்தன, 5 சதவீதம் இல்லை. குறியீடு 2101, வரி 5 சதவீதம் என்று இருக்கும் கணக்கைத் துறையின் கணினி தனியே எடுத்துக் காட்டிவிடும். உங்கள் அட்டவணையிலும் 2101தான் இருக்கிறது என்றால், அதிகாரி உங்கள் தூளைப் பார்த்து முடிவெடுக்கவில்லை, நீங்கள் எழுதிய எண்ணைப் பார்த்து எடுத்திருக்கிறார் என்று பொருள்.

எண் தவறாகிவிட்டால் பொருள் மாறிவிடாது. கலவைத்தூளுக்கு உரிய தலைப்பு 0901. வறுக்காத காபிக்கொட்டைக்கு வரி இல்லை. ஏற்காட்டுத் தோட்டக்காரர் உங்களுக்குக் கொட்டை விற்கும்போது வரி போடாதது அதனால்தான். வறுத்த காபி 5 சதவீதம். அதே தலைப்பில், அதே 5 சதவீதத்தில் இன்னொரு சொற்றொடரும் இருக்கிறது: எந்த விகிதத்திலாவது காபி கலந்திருக்கும் காபி மாற்றுப் பொருட்கள். உங்கள் வழக்கின் உயிர் இந்த ‘எந்த விகிதத்திலாவது’ என்பதில் இருக்கிறது. 80:20 கலவையும் 60:40 கலவையும் இதற்குள் அடங்கும். நோட்டீஸ் சொல்லும் 2101 30 என்பது வறுத்த சிக்கரி, மற்ற வறுத்த காபி மாற்றுப் பொருட்கள், அவற்றின் சாறு ஆகியவை. உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகள், காபி கலந்த மாற்றுப் பொருட்கள் 2101இல் சேராது, 0901க்குப் போகும் என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. வரி விகித அறிவிக்கையின் விளக்கப் பகுதியோ, சுங்கக் கட்டண அட்டவணையின் விளக்க விதிகளும் பொதுவான விளக்கக் குறிப்புகளும் இதற்குப் பொருந்தும் என்கிறது. ஆகவே அவற்றை மேற்கோள் காட்ட உங்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் நோட்டீஸ் முழுவதும் தவறு என்று எழுதிவிடாதீர்கள். தனியாக விற்ற சிக்கரித்தூளில் ஒரு துளி காபி இல்லை. அது 2101 30தான், அதற்கு 2022-23இல் 12 சதவீதம்தான். அங்கே அதிகாரி சொல்வது சரி. அதையும் சேர்த்து மறுத்தால், நல்ல வாதத்தின் மீதும் அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2,76,500 என்பது 7 சதவீத வித்தியாசம் என்றால் மொத்த விற்பனை 39,50,000. அதில் கலவைத்தூள் 38,00,000, தனிச் சிக்கரி 1,50,000 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பில்களிலிருந்து சரியான தொகையைப் பிரித்துக்கொள்ளுங்கள். சிக்கரிக்கு உண்மையில் குறைந்த வரி 10,500. ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, சராசரியாக மூன்றரை ஆண்டு என்றால் சுமார் 6,600. ஆக, ஒப்புக்கொள்ள வேண்டியது பதினேழாயிரத்துச் சொச்சம். மறுக்க வேண்டியது 2,66,000.

ஒப்புக்கொண்ட தொகையை நோட்டீஸ் வந்த 30 நாட்களுக்குள் வரி கட்டும் படிவமான டிஆர்சி-03 வழியாகக் கட்டுங்கள். 73(8) பிரிவின்படி நோட்டீஸில் உள்ள வரியையும் வட்டியையும் அந்தக் கெடுவுக்குள் கட்டினால் அபராதம் இல்லை. பகுதித் தொகைக்கும் இந்தச் சலுகை உண்டா என்பதில் அதிகாரிக்கு அதிகாரி கருத்து வேறுபடும். எனவே சிக்கரிக்கு அபராதம் விதிக்க வேண்டாம் என்று பதிலிலேயே வேண்டுகோளாக எழுதிவிடுங்கள். இல்லையென்றால் வரியில் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், எது அதிகமோ அது அபராதமாகும். சிறு தொகைக்கு இது வரியளவுக்கே வந்துவிடும்.

‘முழுத் தொகையையும் கட்டித் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே’ என்று வீட்டில் சொல்வார்கள். கட்டாதீர்கள். கலவைத்தூளுக்கு 12 சதவீதம் என்று ஓர் ஆண்டுக்கு ஒப்புக்கொண்டால் 2023-24, 2024-25, பிறகு 2025 செப்டம்பர் 21 வரை, அதே கேள்வியும் அதே கணக்கும் வரிசையாக வரும். அப்போது உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிரான சாட்சி. தனிச் சிக்கரிக்கு மட்டும் அந்த ஆண்டுகளிலும் வித்தியாசத்தை வட்டியோடு இப்போதே, நோட்டீஸ் வருவதற்கு முன்பே கட்டிவிடுங்கள். அதற்கு அபராதம் வராது.

பதில் டிஆர்சி-06 படிவத்தில் போகும். வளவளவென்று எழுத வேண்டியதில்லை. மையமான பத்தி இப்படி இருக்கலாம்: ‘நாங்கள் விற்ற பொருள் வறுத்த காபியும் சிக்கரியும் கலந்த தூள். அதில் காபி 70 சதவீதம் என்று ஒவ்வொரு பொட்டலத்திலும் அச்சிட்டிருக்கிறோம். எந்த விகிதத்திலாவது காபி கொண்ட மாற்றுப் பொருட்கள் 0901 தலைப்பில் 5 சதவீதம் என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது. அறிக்கையில் 2101 என்று பதிந்தது எழுத்துப் பிழை. அதனால் பொருளின் தன்மை மாறாது.’ எழுபது என்ற இடத்தில் உங்கள் உண்மையான விகிதத்தைப் போடுங்கள்.

இணைப்புகள்தான் இந்தப் பதிலைத் தாங்க வேண்டும். அந்த ஆண்டின் பொட்டல உறை ஒன்று கட்டாயம். கலவைத்தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் சதவீதமும் உறையில் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அந்த உறையே உங்களுக்கு ஆவணமாகிறது. கொட்டை வாங்கிய பில், சிக்கரி வாங்கிய பில், வறுவல் பதிவேடு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் விகிதம் பொருந்த வேண்டும். ஆண்டு முழுதும் வாங்கிய சிக்கரியை, விற்ற தூளில் இருக்க வேண்டிய சிக்கரியோடும் தனியாக விற்ற சிக்கரியோடும் ஒப்பிடுங்கள். இந்தக் கணக்கு இடித்தால் பதில் அனுப்புவதற்கு முன்பே காரணத்தைக் கண்டுபிடியுங்கள், அதிகாரி அதைத்தான் முதலில் பார்ப்பார்.

மாற்று வாதமாக ஒன்றையும் சேருங்கள். ஒருவேளை 12 சதவீதம்தான் என்று முடிவானாலும், வாடிக்கையாளரிடம் வாங்கிய விலைக்குள்ளேயே வரி அடக்கம் என்று 35ஆவது விதியின்படி கணக்கிடக் கோரலாம். 38,00,000க்கு 5 சதவீதம் சேர்த்து வாங்கியது 39,90,000. அதற்குள் 12 சதவீதம் என்றால் வரி 4,27,500; கட்டியது 1,90,000; வித்தியாசம் 2,37,500. அதாவது 28,500 ரூபாய் குறையும். உறையில் எல்லா வரியும் சேர்த்த விலை அச்சிட்டிருந்தால் இது வலுவாக நிற்கும், பில்லில் 5 சதவீதத்தைத் தனியாகக் காட்டியிருந்தால் வலு குறையும்.

வகைப்பாட்டைத் தெளிவுபடுத்திக் கேட்பது எப்போது பயன்படும்? பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருவதற்கு முன். பால்பொடியும் சர்க்கரையும் சேர்த்த உடனடிக் கலவையைச் செய்யப் போகிறீர்கள் என்றால், விற்கும் முன் முன்கூட்டிய தீர்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தத் தீர்ப்பு உங்களையும் உங்கள் அதிகாரியையும் மட்டுமே கட்டுப்படுத்தும், பாதகமாக வந்தாலும் கட்டுப்படுத்தும். இப்போதைய தூளுக்கு அந்தச் செலவும் தேவையில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 2101 30இன் விகிதமும் 5 சதவீதமாகிவிட்டது. 0901 என்றாலும் 2101 என்றாலும் இனி வரி ஒன்றுதான். இருந்தாலும் மென்பொருளில் கலவைத்தூளுக்கு 0901, தனிச் சிக்கரிக்கு 2101 என்று பிரித்துப் பதிந்துவிடுங்கள். பழைய ஆண்டுகளின் அறிக்கையை இப்போது திருத்த முடியாது, அதைப் பதிலில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

பதிலில் நேரடி விசாரணை வேண்டும் என்ற பெட்டியைக் குறியுங்கள். எழுத்தில் கேட்டால் விசாரணை தந்தே ஆக வேண்டும் என்று 75(4) பிரிவு கட்டாயப்படுத்துகிறது. அன்று தூளில் ஒரு பொட்டலம், தனிச் சிக்கரியில் ஒரு பொட்டலம் எடுத்துப் போங்கள். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளக்கத்தில் பாதி முடிந்துவிடும்.

2022-23க்கு ஆணை பிறப்பிக்கக் கடைசி நாள் 2026 டிசம்பர் 31. ஆணை பெரும்பாலும் இணையதளத்தில்தான் ஏறும், தபால் வராது. அதனால் வாரம் ஒருமுறை உள்நுழைந்து பாருங்கள். பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம் உண்டு, தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம், உங்கள் கணக்கில் 26,600 ரூபாய், முன்பணமாகக் கட்ட வேண்டும். அந்த மூன்று மாதம் ஆணை உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஓடும்.