பழம் படம் போட்ட பாக்கெட்டும் பி.பி.யும்

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. பி.பி. 146/92. ஊறுகாய், அப்பளம் நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. காபிக்கும் சர்க்கரை கிடையாது. ஆனால் தினமும் ஒரு பெரிய டம்ளர் பாக்கெட் மாம்பழ ஜூஸ் குடிக்கிறார். பழம்தானே, பரவாயில்லையா? 'நோ ஆடட் சுகர்' போட்டதை வாங்கலாமா?

பதில்: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 'ஜூஸ்' என்று எழுதியிருக்காது. 'ஃப்ரூட் ட்ரிங்க்' அல்லது 'ரெடி டு சர்வ்' என்றுதான் இருக்கும். இந்த வகையில் குறைந்தது 10 சதவீதம் பழம் இருந்தாலே சட்டத்துக்குப் போதும். மீதி பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும்தான்.

அடுத்து, சத்து அட்டவணை. 100 மி.லி.க்கு 13 கிராம் சர்க்கரை என்றிருந்தால், 250 மி.லி. டம்ளரில் 32 கிராமுக்கு மேல் போகிறது. அதாவது ஆறரை டீஸ்பூன். இரண்டு காபியில் ஒவ்வொரு ஸ்பூன் மிச்சம் பிடித்துவிட்டு, ஜூஸில் ஆறரை சேர்க்கிறார்! ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சரி, சர்க்கரைக்கும் பி.பி.க்கும் என்ன சம்பந்தம்? சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். கல்லீரல் அதைக் கையாளும்போது யூரிக் அமிலம் கூடுகிறது. ரத்தக் குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு அதனால் குறைவதாகக் கருதுகிறார்கள். அப்புறம், ஏறும் இன்சுலின் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கச் சிறுநீரகத்தைத் தூண்டுகிறது. எடை கூடுவது தனிக் கணக்கு.

அமெரிக்காவில் பி.பி. சற்றே கூடியிருந்த 810 பேரை 18 மாதம் கவனித்தார்கள். தினமும் சர்க்கரை பானத்தில் ஒரு கேன், அதாவது சுமார் 355 மி.லி., குறைத்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 1.8 புள்ளி இறங்கியிருந்தது. சின்ன இறக்கம்தான். ஜூஸை நிறுத்தினால் 146 தானாக 120 ஆகிவிடாது. மூன்று மாதமாகியும் இதே அளவு என்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். மாத்திரை சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தக்கூடாது.

'நோ ஆடட் சுகர்' என்றால் வெளிச் சர்க்கரை சேர்க்கவில்லை, அவ்வளவே. ஆப்பிள், ஆரஞ்சுச் சாறிலேயே 100 மி.லி.க்கு 10 கிராமை ஒட்டிச் சர்க்கரை உண்டு, நார்ச்சத்துதான் போய்விடுகிறது. முழுச் சாறு பி.பி.யை ஏற்றும் என்பதற்குச் சர்க்கரை பானத்துக்கு இருக்கிற அளவு ஆதாரம் இல்லை. அதனால் எப்போதாவது அரை டம்ளர் குடித்தால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் தினமும் குடிக்கக் கூடுதல் விலை கொடுத்து அதை வாங்குவது வீண். அந்தக் காசுக்கு ஒரு மாம்பழம் வாங்கி, இரண்டு துண்டு நறுக்கிக் கொடுங்கள்.

ஜூஸுக்குப் பதில் பாக்கெட் மோர் வாங்கும் யோசனை இருந்தால், அதிலும் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். வீட்டு மோரில் உப்பு உங்கள் கையில்.