லேத் மெஷின் தேய்மானம்: எந்தத் தொகையில் தொடங்குவது?

“லேத் இன்வாய்ஸில் விலை 4,00,000, ஜிஎஸ்டி 72,000, லாரி வாடகையும் பொருத்துகூலியும் 20,000. ரெண்டு முறையிலும் வருஷா வருஷம் புத்தக மதிப்பு எப்படி வரும்?”

ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுத்துவிட்டீர்களானால் அதைச் சேர்க்காதீர்கள். அடக்கம் 4,20,000.

நேர்கோட்டு முறையில் பழைய இரும்பு விலையாக 20,000 கழித்து, 10 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 40,000. மதிப்பு 3,80,000, 3,40,000, 3,00,000 என்று இறங்கும்.

குறையும் மதிப்பு முறையில் வருமான வரி விகிதமான 15 சதவீதத்தைப் போடுங்கள். முதல் ஆண்டு 63,000 போய் மீதி 3,57,000. அடுத்த ஆண்டு அந்த மீதியில் 15 சதவீதம், 53,550, மிச்சம் 3,03,450. இரண்டாம் ஆண்டும் 63,000 வந்தால், அடக்கத்திலேயே மறுபடி கணக்கிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பலர் சறுக்குவது இங்கேதான். இதில் இரும்பு விலையை முன்கூட்டிக் கழிக்கவும் வேண்டாம்.

வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால், வரிக் கணக்கில் அந்த ஆண்டுக்குப் பாதிதான்: 31,500.