முதல் தவறு என்று எதைப் பதிவது? ஒரு துறைத்தலைவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: ஐயா, யாழ்ப்பாணத்தில் ஒரு பல்கலைக்கழகத் துறைக்குத் தலைவராக இருக்கிறேன். போன பருவத்தில் ஒரு மாணவியின் ஆங்கில ஒப்படைக்கு ஏஐ கண்டறியும் கருவி 68 வீதம் காட்டியது. பூச்சியம் போட்டேன். இப்போது தகப்பனார் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பீடாதிபதி கையை விரித்துவிட்டார். கூட வேலை செய்பவர்களே வாட்ஸப்பில் நக்கலடிக்கிறார்கள். இத்தனை வருடம் ஒரு களங்கமில்லாமல் படிப்பித்தவன் நான். இனி இப்படி நடக்காமல் ஒரு கொள்கை எழுத நினைக்கிறேன்: பிற மூலங்களோடு ஒப்புமை 20 வீதத்தைத் தாண்டினால் பூச்சியம், முதல் தவறென்றால் எச்சரிக்கைக் கடிதம், இரண்டாம் முறை ஒழுக்காற்று விசாரணை. சட்டப்படி இது நிற்குமா?

பதில்: நிற்காது. பீடாதிபதியையும் வாட்ஸப்பையும் விடுங்கள். எந்த நீதிபதியும் அவற்றைக் கேட்கப்போவதில்லை. அவர் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பிள்ளை தவறு செய்தது என்று முடிவெடுத்தவர் யார், எதைப் பார்த்து எடுத்தார், அதற்கு முன் அவளைக் கேட்டாரா? உங்கள் வரைவில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. கருவி 20 என்று காட்டுகிறது, பூச்சியம் விழுகிறது. நடுவில் தீர்மானித்த ஆள் இல்லை.

அதிகாரத்தைப் பற்றி ஒரு வரி. தண்டிக்கும் அதிகாரம் துறைக்கு இல்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் மூதவையும் பேரவையும் இயற்றிய பரீட்சை விதிகளும் ஒழுக்காற்று விதிகளும்தான் தண்டனைக்கு ஊற்று. துறைக் கொள்கை அந்த விதிகளுக்குள் அடங்கிய நடைமுறைக் குறிப்பாக இருக்கலாம், புதிய தண்டனையை உண்டாக்க முடியாது. ஆகவே 'பூச்சியம்', 'புள்ளி குறைப்பு' என்ற சொற்களை வரைவிலிருந்து வெட்டுங்கள். திருத்தி மீளச் சமர்ப்பிக்கச் சொல்வது கற்பித்தல், அதைத் துறை செய்யலாம்.

இனி அந்த 20. இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிமுறையில் 10, 40, 60 என்று படிகள் இருப்பதைப் பார்த்து எல்லோரும் ஒரு எண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதே விதிமுறை எவற்றைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றும் சொல்கிறது: உரிய மேற்கோள், உசாத்துணைப் பட்டியல், பொருளடக்கம், பொதுவான சொற்றொடர்கள். அந்தப் பகுதியை யாரும் கொண்டுவருவதில்லை.

எங்கே சறுக்கும் என்பதை ஒரு கற்பனைக் கோவையை வைத்துக் காட்டுகிறேன். ஓர் ஆய்வேடு, ஒப்புமை காணும் டேர்னிட்டின் கருவியின் அறிக்கையில் ஒப்புமை 34 வீதம். பிரித்துப் பார்த்தால் உசாத்துணைப் பட்டியல் 9. முகப்பு, உறுதியுரை, துறையே கொடுத்த தலைப்புச் சட்டகம் 6. மேற்கோள் குறிக்குள் இருப்பவை 5. மாணவரே முன்பு சமர்ப்பித்த ஆய்வு முன்மொழிவு கருவியின் களஞ்சியத்தில் சேமிக்கப்பட்டிருந்ததால் தன் எழுத்தோடு தானே பொருந்தியது 8. மிச்சம் 6 வீதம், பழைய ஆய்வேடு ஒன்றிலிருந்து மூலம் சொல்லாமல் எடுத்த இரண்டு பந்திகள். குற்றச்சாட்டு அந்த இரண்டு பந்திகளைப் பற்றியதுதான், 34ஐப் பற்றியதல்ல. பக்கத்திலேயே 11 வீதத்தில் இன்னோர் ஒப்படை, பதினொன்றும் ஒரே மூலத்திலிருந்து வரிக்கு வரி வந்தது. உங்கள் கொள்கைப்படி முன்னவருக்குப் பூச்சியம், பின்னவர் தப்பிவிடுகிறார்.

இதைவிட மோசமானது, ஒரே துறையில் ஒருவர் உசாத்துணையையும் மேற்கோளையும் நீக்கி அறிக்கை எடுக்க, இன்னொருவர் நீக்காமல் எடுப்பது. அதே தரத்து எழுத்து ஒருவரிடம் 19 ஆகவும் மற்றவரிடம் 31 ஆகவும் வரும். அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் சமத்துவம், இங்கே நேராக உள்ளே வருகிறது. கொள்கையில் எழுத வேண்டியது எண்ணையல்ல, அமைப்புகளை: எவை நீக்கப்படும், எத்தனை சொல்லுக்குக் குறைந்த பொருத்தம் கணக்கில் வராது, வரைவுகள் களஞ்சியத்தில் சேமிக்கப்படாது. எண் ஒன்று வேண்டியே வேண்டுமென்றால், 'இதற்கு மேல் வந்தால் பாட விரிவுரையாளர் அறிக்கையைப் பொருத்தம் பொருத்தமாக வாசித்துக் குறிப்பெழுத வேண்டும்' என்ற அளவில் போடுங்கள். அதற்குக் கீழேயும் சந்தேகம் வந்தால் வாசிக்கலாம்.

ஏஐ கருவியின் எண்ணுக்கு அந்த இடத்தைக்கூடக் கொடுக்காதீர்கள். ஒப்புமை அறிக்கையில் மூலம் பக்கத்திலேயே தெரியும், எதிர்த்தரப்பு திறந்து பார்க்கலாம். 68 என்ற எண்ணுக்குப் பின்னால் காட்ட எதுவுமில்லை. மாணவர் மீது நடவடிக்கை எடுக்க இதை மட்டும் அடிப்படையாகக் கொள்ளக்கூடாது என்று டேர்னிட்டின் நிறுவனமே தன் ஏஐ அறிக்கையில் எழுதிவைத்திருக்கிறது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வேறு சாட்சி தேடவேண்டியதில்லை, நீங்கள் இணைத்த அறிக்கையின் அந்த வரியையே கோடிட்டுக் காட்டுவார். ஏஐ எண் 20 வீதத்துக்குக் கீழே வந்தால் அந்தக் கருவி எண்ணுக்குப் பதில் *% என்று மட்டும் காட்டுவதும், 300 சொற்களுக்குக் குறைந்த எழுத்தைப் பார்க்க மறுப்பதும், அந்த அளவுகளில் கருவிக்குத் தன்மேலேயே நம்பிக்கையில்லை என்பதால்தான். ஓபன்ஏஐ நிறுவனம் தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய டோஃபல் கட்டுரைகளை ஏழு கருவிகளுக்குக் கொடுத்துப் பார்த்த 2023ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் குறிக்கப்பட்டன. தமிழில் படித்து வந்து ஆங்கிலத்தில், அடக்கமான சொற்களில், பாடப்புத்தக வாக்கியங்களில் எழுதும் எங்கள் பிள்ளைகள் யார் பக்கம் நிற்பார்கள் என்று யோசியுங்கள். ஆகவே ஏஐ எண் ஒரு உரையாடலைத் தொடங்கலாம், குற்றப்பத்திரத்தில் ஏறக்கூடாது.

இனி நீங்கள் 'எச்சரிக்கைக் கடிதம்' என்று ஒரு வரியில் தாண்டிப்போன இடம். என்னிடம் வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள் விழுவது அங்கேதான். கடுமையான தண்டனையில் விழுவதில்லை, மென்மையான முதற்படியில் விழுகிறார்கள். நல்ல மனதோடு பிள்ளையை அறைக்குக் கூப்பிட்டு, "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித்தா, இதோடு விட்டுவிடுகிறேன்" என்பார்கள். பிள்ளை அழுதுகொண்டே எழுதித்தரும். கடிதம் மேசை லாச்சிக்குள் போகும். அடுத்த வருடம் அதே பிள்ளை மீண்டும் அகப்பட்டதும் லாச்சி திறக்கும்: இது இரண்டாம் முறை, விசாரணைக்கு அனுப்புகிறோம் என்பார்கள். அனுப்ப முடியாது. முதல் முறை குற்றச்சாட்டு எழுத்தில் கொடுக்கப்படவில்லை, அறிக்கையின் பிரதி காட்டப்படவில்லை, பதில் சொல்ல நாள் கொடுக்கப்படவில்லை, குற்றஞ்சாட்டியவரும் தீர்மானித்தவரும் ஒரே ஆள். முதலாவது செல்லாதென்றால் இரண்டாவது என்று ஒன்று இல்லை. படிப்படியான தண்டனை முழுவதும் அந்தக் கீழ்ப்படியில்தான் நிற்கிறது.

ஆகவே முதற்படியை இப்படி எழுதுங்கள். சந்தேகத்துக்குரிய பந்திகளைச் சுட்டிய அறிவித்தல் தமிழில், அறிக்கையின் பிரதியோடு. பதிலுக்குப் பத்து வேலை நாட்கள். தன் வரைவுகளையும் கோப்பின் மாற்ற வரலாற்றையும் கொண்டுவர உரிமை. பாடத்தைப் படிப்பிக்காத ஒரு விரிவுரையாளரும் பாட விரிவுரையாளரும் இருந்து, அந்த எழுத்தைப் பற்றியே பதினைந்து நிமிடம் பேசுவது. கேள்வியும் பதிலும் எழுதப்பட்டு மூவரும் ஒப்பமிடுவது. 'எந்தக் கட்டுரையிலிருந்து இந்த வாதத்தை எடுத்தாய், ஏன் இந்த மாதிரியைத் தெரிந்தாய்' என்று கேளுங்கள். ஆங்கில உச்சரிப்பை அளக்கவேண்டாம், பிள்ளை தமிழில் பதில் சொல்லட்டும். முடிவு ஒரு பக்கக் கடிதமாக: எந்தப் பந்தி, என்ன முடிவு, ஏன், யாரிடம் எத்தனை நாளுக்குள் மேன்முறையிடலாம். மன்னிப்புக் கடிதம் கேட்கவே கேட்காதீர்கள். உங்கள் முடிவு எழுத்தில் இருந்தால் அவளுடைய ஒப்புதல் தேவையில்லை. இல்லையென்றால் அந்த ஒப்புதல் உதவாது.

'முதல்' என்பதையும் வரையறுக்க வேண்டும், யாரும் செய்வதில்லை. ஒரே வாரத்தில் இரண்டு பாடங்களுக்குக் கொடுத்த இரண்டு ஒப்படைகளிலும் ஒரே மாதிரிப் பிழை இருந்து ஒன்று மார்கழியிலும் மற்றது மாசியிலும் திருத்தப்பட்டால், மாசியில் கண்டது இரண்டாம் தவறா? இல்லை. எச்சரிக்கை கையில் கிடைத்த பிறகு சமர்ப்பித்ததுதான் இரண்டாவது என்று எழுதுங்கள். முதற்பதிவு எத்தனை காலம் கோவையில் இருக்கும், யார் பார்க்கலாம் என்பதையும் எழுதுங்கள். காசு கொடுத்து ஆய்வேடு எழுதுவிப்பது, இன்னொருவரின் ஆய்வைப் பெயர் மாற்றிக் கொடுப்பது ஆகியவற்றுக்கு இந்தப் படிகளே வேண்டாம். அவை முதல் முறையென்றாலும் நேராகப் பதிவாளர் மூலம் பல்கலைக்கழக விசாரணைக்குப் போகட்டும். கொள்கை மூதவையின் அங்கீகாரம் பெற்ற திகதிக்குப் பிறகு தொடங்கும் பாடங்களுக்கே பொருந்தும் என்ற வரியை மறக்கவேண்டாம்.

கடைசியாக, உங்கள் மேசையில் கிடக்கும் கோரிக்கைக் கடிதம். புதுக் கொள்கை அந்தப் பூச்சியத்தைக் காப்பாற்றாது. சமாதானமாக முடித்துக்கொள்ளுங்கள். அவள் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போகத் தவணை ஒரு மாதம். அது கழிந்திருக்கலாம் என்று நிம்மதி கொள்ளாதீர்கள். மனித உரிமை ஆணைக்குழுவில் அந்த மாதத்துக்குள் முறையிட்டிருந்தால் விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் வராது. 140ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அந்தப் பூச்சியத்தை இரத்துச்செய்யும் எழுத்தாணை கேட்க அந்த ஒரு மாதத் தவணையும் கிடையாது, நியாயமான காலத்துக்குள் போனால் போதும். வழக்கென்றால் கொழும்புப் புதுக்கடை நீதிமன்றத்துக்கு நீங்கள்தான் கோவையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும், அந்தக் கோவையில் 68 என்று ஒரு தாள்தான் இருக்கிறது.

பதிவாளர் மூலம், உரிமைகளுக்குப் பாதகமின்றி என்று தலைப்பிட்டுப் பதில் அனுப்புங்கள். நீங்களாக எழுதவேண்டாம். பூச்சியம் இரத்து; ஒப்படை சம்பந்தப்படாத இன்னொரு பரீட்சகரிடம் போகும்; அவர் வேண்டுமென்றால் மாணவியுடன் பேசிப் பார்ப்பார்; அவர் இடும் புள்ளி இறுதி; இந்த விடயம் முதல் தவறாகவோ எதுவாகவோ அவள் கோவையில் பதியப்படாது. பதிலாக அவர்கள் கோரிக்கைக் கடிதத்தை விலக்கிக்கொள்வார்கள். பரீட்சைச் சபை பெறுபேற்றை உறுதிசெய்யும் முன்பே இதை முடியுங்கள். அதன்பிறகு புள்ளியை மாற்ற மூதவைவரை போகவேண்டிவரும், அவளுடைய வகுப்புச் சித்தி அதில் தங்கியிருந்தால் தகப்பனார் சமாதானத்துக்கு வரமாட்டார்.