எழுபதாயிரம் பேரும் ஒரு மாத்திரை அட்டையும்

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் புதுப்பேட்டையில் இருக்கிறோம். அத்தாவுக்கு 63 வயது. மூன்று மாதத்துக்கு முன் காசநோய் என்று தெரிந்து மாத்திரை சாப்பிட்டு வந்தார். இப்போது இருமல் நின்றுவிட்டது, பசி எடுக்கிறது, எடையும் கூடியிருக்கிறது. போன வாரத்திலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். "ஷிஃபா கொடுத்தது அல்லாஹ். இனி ஜம்ஜமும் துஆவும் போதும்" என்கிறார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வைச் சார்ந்திரு என்ற ஹதீஸை நான் சொன்னால், கேள்வி கணக்கில்லாமல் சொர்க்கம் போகும் எழுபதாயிரம் பேரின் ஹதீஸைச் சொல்லி என் வாயை அடைத்துவிடுகிறார். வீட்டில் என் இரண்டு வயது மகள் இருக்கிறாள். அல்லாஹ்வையே சார்ந்திருக்கும் தவக்குல் என்பது இதுதானா? இமாம்கள் இதற்கு என்ன சொல்லியிருக்கிறார்கள்?

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள தம்பி,

வ அலைக்கும் ஸலாம். முதலில் அவசரமான ஒன்று. இந்தப் பதிலைப் படித்து முடித்து அத்தாவிடம் வாதாடி ஜெயிக்கும்வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே மாத்திரை கொடுத்த இடத்துக்குப் போய், எத்தனை நாள் விட்டுப்போனது என்று சொல்லுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்வதா, வேறு பரிசோதனை வேண்டுமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது ஹதீஸுக்கு வருவோம். வாதத்தில் உங்கள் அத்தா உங்களை மடக்குவதில் ஆச்சரியமில்லை. நீங்கள் எடுத்தது திர்மிதீயில் வரும் ஹதீஸ். அதன் அறிவிப்பாளர் வழி பற்றி அந்த நூலிலேயே விமர்சனம் பதிவாகியிருக்கிறது. வேறு வழியாகவும் அந்தக் கருத்து வருகிறது என்பது உண்மை. ஆனால் அவர் எடுப்பது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இருப்பது. அதனால் அவருடைய ஹதீஸை ஒதுக்கிவிட்டுப் பேசாதீர்கள். அதையே அவரோடு உட்கார்ந்து சொல் சொல்லாகப் படியுங்கள்.

அந்த எழுபதாயிரம் பேர் யார்? ஓதிப்பார்க்கச் சொல்லிப் பிறரிடம் கேட்காதவர்கள், சகுனம் பார்க்காதவர்கள், சூடு போட்டுக்கொள்ளாதவர்கள், தங்கள் இறைவனையே சார்ந்திருப்பவர்கள். இவ்வளவுதான் பட்டியல். மருந்து என்ற சொல் அதில் எங்கே இருக்கிறது? அதே நபி (ஸல்) ரத்தம் குத்தி எடுத்துக்கொண்டார்கள். "அல்லாஹ்வின் அடியார்களே, மருத்துவம் செய்துகொள்ளுங்கள்" என்றார்கள். உபை இப்னு கஅப் (ரலி) அவர்களுக்கு ஒரு மருத்துவரையே அனுப்பிவைத்தார்கள்.

இந்த இடத்தில் நின்று யோசித்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). இஹ்யா உலூமித்தீனில் தவ்ஹீது, தவக்குல் பற்றிய பாகத்தில் அவர் காரணங்களை மூன்று படியாகப் பிரிக்கிறார். உறுதியானவை, பெரும்பாலும் பலன் தருபவை, பலன் தரும் என்று வெறுமனே எண்ணிக்கொள்பவை. நோய் விஷயத்தில் அவர் தரும் உதாரணங்கள் இவை: தாகத்துக்குத் தண்ணீரும் பசிக்கு ரொட்டியும் முதல் படி. ரத்தம் எடுப்பது, பேதி மருந்து, அன்றைய வைத்தியத்தின் மற்ற வழிகள் எல்லாம் இரண்டாம் படி. சூடு போடுவதும் ஓதிப்பார்ப்பதும் மூன்றாம் படி.

பிறகு அவர் சொல்வதைக் கவனியுங்கள். முதல் படியை விடுவது தவக்குலில் சேரவே சேராது. சாவு பயம் இருக்கும்போது அதை விடுவது ஹராம். மூன்றாம் படியை விடுவது தவக்குலின் நிபந்தனை, ஏனென்றால் அந்த ஹதீஸ் தவக்குல் உள்ளவர்களை அதை வைத்துத்தான் அடையாளம் காட்டுகிறது. இரண்டாம் படியைச் செய்வது தவக்குலுக்கு முரண் இல்லை, விடுவதும் தடை இல்லை. அத்தா தன் வாதத்துக்கு எடுத்த ஹதீஸ் மூன்றாம் படியைப் பேசுகிறது. அதை அவர் முதல் படியில் கொண்டுபோய் வைக்கிறார்.

இது ஷாஃபிஈ இமாம் ஒருவரின் தனிக் கருத்து என்று அவர் சொன்னால், ஔரங்கசீப் காலத்தில் தொகுக்கப்பட்ட ஃபதாவா ஆலம்கீரியை எடுங்கள். அது ஹனஃபீ நூல். மருத்துவம் பற்றிய பாடத்தில் இதே மூன்று படி கிட்டத்தட்ட இதே சொற்களில் இருக்கிறது. உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அந்தப் பாடத்தை எடுத்து அத்தா முன்னால் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர் சொல்வது உள்ளே இறங்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அத்தா பக்கமும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அபூபக்ர் (ரலி) நோயில் கிடந்தபோது, மருத்துவரைக் கூப்பிடட்டுமா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. "மருத்துவர் என்னைப் பார்த்துவிட்டார். 'நான் நாடியதைச் செய்பவன்' என்று சொல்லிவிட்டார்" என்று அல்லாஹ்வைக் குறித்துச் சொன்னார்கள். மருந்தை விடுவதையே மேலாகக் கருதிய இமாம் அஹ்மத் (ரஹ்) போன்றவர்களும் உண்டு. கஸ்ஸாலி இவர்களை ஒதுக்கிவிடாமல், ஏன் விட்டிருப்பார்கள் என்று காரணம் தேடுகிறார். தன் முடிவு நெருங்கிவிட்டதை உணர்ந்தவர் இருக்கலாம். நாள்பட்ட நோய்க்குச் சொல்லப்பட்ட மருந்தில் பலன் சந்தேகமாக இருந்திருக்கலாம் என்கிறார். அவர்கள் விட்டது எந்த மாதிரி மருந்தை என்று பாருங்கள். அது இரண்டாம் படி மருந்து, சில சமயம் மூன்றாம் படியும்கூட. விடலாம் என்ற அனுமதி அதில் இருந்து வந்தது.

காசநோய் மாத்திரை இன்று எந்தப் படியில் இருக்கிறது? கஸ்ஸாலி 1111-ல் இறந்தவர். அவர் காலத்தில் இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அப்புறம் நம் ஊரிலேயே ஒரு பெரிய வேலை நடந்தது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய நிறுவனம்தான் அது, நோயாளிகளை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் ஓய்வு, நல்ல சாப்பாடு, மருந்து. இன்னொரு பிரிவு தங்கள் நெரிசலான வீட்டிலேயே இருந்து அதே மருந்தைச் சாப்பிட்டது. 1959-ல் முடிவு வெளியானபோது குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதுவரை ஓய்வும் காற்றும்தான் குணமாக்கும் என்று நம்பியிருந்தார்கள். மருந்து ஒழுங்காக உள்ளே போவதுதான் முக்கியம் என்று அப்போது தெரிந்தது.

அதனால் நான் நினைப்பது இது. கஸ்ஸாலியின் படிகள் பொருட்களின் பட்டியலாக எழுதப்பட்டவை அல்ல. ஒரு காரணம் எவ்வளவு உறுதியாகப் பலன் தருகிறது என்பதுதான் அளவுகோல். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு முழு ஆறு மாத மாத்திரை என்பது தண்ணீர், ரொட்டி இருக்கும் படிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. 1992-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் இந்த வழியில்தான் போனது: மருத்துவத்தை விடுவதால் உயிரோ உறுப்போ போகும் என்றாலும், நோய் பிறருக்குப் பரவும் என்றாலும், மருத்துவம் செய்துகொள்வது கடமை. இரண்டாவது காரணம் உங்கள் மகளைப் பற்றியது. நோயில் பொறுமையாக இருந்து கூலி தேடுவது ஒருவர் தன் உடலைப் பற்றி எடுக்கும் முடிவு. அந்தக் குழந்தையின் நெஞ்சைப் பற்றி முடிவெடுக்க அவருக்கு உரிமை இல்லை.

இனி அவருடைய "குணமாகிவிட்டது". இந்த நோயில் எல்லோரும் ஏமாறும் இடம் இது. முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று மருந்து என்று கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் செத்துவிடும். காய்ச்சலும் இருமலும் அதோடு போய்விடும். மெதுவாக வளர்வதும் தூங்குவது போலக் கிடப்பதும் மிச்சம் இருக்கும். மீதி நாலு மாதம் அவற்றுக்குத்தான். இப்போது நிறுத்தினால் அவை மறுபடி பெருகலாம். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்துக்குக் கட்டுப்படாததாகவும் மாறலாம். அப்போது சிகிச்சையும் கடினமாகிவிடும், பேத்திக்குப் பரவினால் அதே கட்டுப்படாத கிருமிதான் பரவும்.

எனக்கு 24 வயதில் இதே நோய் வந்தது. முதல் நாள் மாத்திரை போட்டுவிட்டு ஒளூவுக்கு முன்னால் கழிப்பறைக்குப் போனால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. ரத்தம் என்று நினைத்துக் கால் நடுங்கிவிட்டது. ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம் அது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. மூன்றாம் மாதம் நானும் நிறுத்தப் பார்த்தேன். உம்மா மாத்திரை அட்டையைத் தஸ்பீஹ் மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே, அதே அலமாரித் தட்டில் வைத்திருந்தார்கள். ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்ததும் ஒரு கையில் தண்ணீர், ஒரு கையில் மாத்திரை. "பிஸ்மில்லாஹ் சொல்லிப் போடு" என்பார்கள். முழுங்கிய பிறகு "யா அல்லாஹ், இதில் ஷிஃபாவை வை" என்று என் நெஞ்சில் கை வைப்பார்கள். கஸ்ஸாலியை நான் படித்தது பல வருடம் கழித்துத்தான்.

அவர் எழுதியிருப்பதும் அதுவே. முன்னால் சாப்பாடு இருக்கிறது, பசிக்கிறது, ஆனால் கையை நீட்டுவது தவக்குலுக்கு முரண் என்று ஒருவன் உட்கார்ந்திருந்தால் அது பைத்தியக்காரத்தனம் என்கிறார். நெருப்பு தானாகப் பஞ்சை எரிப்பதில்லை, எரிப்பவன் அல்லாஹ் என்று தத்துவவாதிகளோடு வாதாடியவரும் இவரேதான். காரணத்துக்குச் சொந்த சக்தி இல்லை என்பதில் அவ்வளவு உறுதியாக இருந்தவர், காரணத்தை விடாதே என்பதிலும் அவ்வளவு உறுதியாக இருக்கிறார். அப்படியானால் தவக்குல் எங்கே? கையை நீட்டு, ஆனால் அந்தக் கையை நம்பாதே. அது இந்த நொடியே செயலிழந்து போகலாம். சாப்பாட்டையும் நம்பாதே, யாராவது பிடுங்கிக்கொண்டு போகலாம். தவக்குல் இருக்கும் இடம் உள்ளம், நீட்டுவது உறுப்பின் வேலை.

ஆகவே அத்தாவிடம் ஜம்ஜத்தை விடச் சொல்லாதீர்கள், துஆவையும் விடச் சொல்லாதீர்கள். அந்த ஜம்ஜத்திலேயே மாத்திரையைப் போடட்டும். "ஷிஃபா கொடுத்தது அல்லாஹ்" என்று அவர் சொன்னது முழு உண்மை. அதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்காதீர்கள். "அவன் எதன் வழியாகக் கொடுத்தான் அத்தா?" என்று மட்டும் கேளுங்கள். மாத்திரை எந்த நேரம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முடிந்தால் ஃபஜ்ருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் டம்ளரை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.